ஏரி வண்டலின் கடந்த நூறாண்டைக் கணிப்பது எப்படி: ஈயம்-210 முறைக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

ஏரியின் அடியிலிருந்து எடுத்த வண்டலில், மேலிருந்து இருபதாவது சென்டிமீட்டரில் இருக்கும் சேறு எந்த ஆண்டில் படிந்தது? கேட்கப்படும் காலம் கடந்த நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்குள் அடங்குமானால், இதற்கு விடை காண ஆய்வகங்கள் முதலில் நாடுவது ஈயம்-210 என்னும் கதிரியக்க ஐசோடோப்பைத்தான். தொல்லியலில் பெயர்பெற்ற கார்பன்-14 இங்கே கைகொடுப்பதில்லை. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் என்பதால் நூறாண்டில் அது குறையும் அளவு மிகச் சிறிது. போதாக்குறைக்கு, தொழிற்புரட்சிக்குப் பிறகு எரிக்கப்பட்ட நிலக்கரியும் பின்னர் வந்த அணுகுண்டுச் சோதனைகளும் வளிமண்டலக் கார்பனின் விகிதத்தையே மாற்றிவிட்டன. ஈயம்-210இன் அரை ஆயுட்காலமோ 22.3 ஆண்டுகள். ஒரு நூற்றாண்டுக்குள் அது ஏறத்தாழ இருபத்திரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அந்தக் குறைவு, அளவிடவும் போதுமானது, ஆண்டுகளாக மாற்றவும் போதுமானது.

இந்த முறையால் தீர்ந்த வழக்குகளுள் ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலுள்ள காலோவே பகுதி ஏரிகளின் வழக்கு குறிப்பிடத்தக்கது. ரவுண்ட் லாக் ஆஃப் கிளென்ஹெட் என்ற கருங்கல் நிலத்துச் சிற்றேரியின் நீர் மிகவும் அமிலத்தன்மை கொண்டதாக இருந்தது. காரணம் நிலக்கரிப் புகையிலிருந்து வரும் அமில மழையா, நிலப் பயன்பாட்டில் நேர்ந்த மாற்றமா என்று 1980களில் கடும் விவாதம் நடந்தது. வண்டலில் புதைந்திருந்த டயட்டம் என்னும் நுண்பாசிகளின் கூடுகள், ஏரி நீரின் அமிலத்தன்மை எந்த ஆழத்திலிருந்து மாறத் தொடங்கியது என்பதைக் காட்டின. அந்த ஆழத்துக்கு ஆண்டு குறித்தது ஈயம்-210. மாற்றம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே தொடங்கியது என்பதும், காடு வளர்ப்பு நடவாத நீர்ப்பிடிப்புப் பகுதியிலேயே அது நேர்ந்தது என்பதும் தெரிந்தபின் விவாதம் அமில மழையின் பக்கம் சாய்ந்தது. ஆண்டு தெரியாமல் போயிருந்தால், டயட்டம் ஆய்வு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அது காரணத்தைச் சுட்டியிருக்காது.

ஈயம்-210 சேற்றுக்குள் வரும் வழி

பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம்-238 படிப்படியாகச் சிதைந்து ரேடியம்-226 ஆகிறது. ரேடியம் சிதையும்போது பிறக்கும் ரேடான்-222 ஒரு வாயு. அதன் அரை ஆயுட்காலம் 3.8 நாள்கள். மண்ணில் பிறக்கும் ரேடானில் ஒரு பகுதி அங்கேயே தங்க, இன்னொரு பகுதி காற்றில் கலந்து, அங்கே சிதைந்து, குறுகிய ஆயுள் கொண்ட சில தனிமங்களைக் கடந்து ஈயம்-210 ஆகிறது. இந்த ஈயம் தூசித் துகள்களில் ஒட்டிக்கொண்டு, மழையோடும் தூசியோடும் சில நாள்களில் அல்லது வாரங்களில் தரைக்கு இறங்குகிறது. ஏரியில் விழுந்தது நீரில் மிதக்கும் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு அடியில் படிகிறது.

ஆகவே எந்தச் சேற்றுத் துண்டிலும் இரண்டு வகை ஈயம்-210 கலந்திருக்கிறது. ஒன்று, அந்தச் சேற்றின் மணிகளுக்குள்ளேயே இருக்கும் ரேடியத்திலிருந்து ஓயாமல் பிறந்துகொண்டிருப்பது. இது காலத்தால் குறைவதில்லை. இதைப் பின்னணி ஈயம் என்போம். மற்றொன்று, வானிலிருந்து வந்து சேர்ந்தது. புதைந்த நாளிலிருந்து இதற்குப் புது வரவு கிடையாது, எனவே 22.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. இதை மிகை ஈயம் என்போம். காலம் காட்டுவது மிகை ஈயம் மட்டுமே. கருவி அளப்பதோ இரண்டின் கூட்டுத்தொகையை. மொத்தத்திலிருந்து பின்னணியைச் சரியாகக் கழிப்பதுதான் இந்த முறையின் நுட்பமான இடம். தொடக்க நிலையினர் தடுமாறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஐஸ் அடுக்குகளுக்காக எட்வர்ட் கோல்ட்பர்க் 1963இல் முன்வைத்த இந்த எண்ணத்தை ஏரி வண்டலுக்குக் கொண்டுவந்த 1971ஆம் ஆண்டு ஆய்வில், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். கிருஷ்ணசுவாமியும் தேவேந்திர லாலும் பிரெஞ்சு ஆய்வாளர்களோடு இணைந்து பணியாற்றினார்கள். இன்று மிகப் பரவலாகக் கையாளப்படும் கணக்குமுறையை 1978இல் பீட்டர் ஆப்பிள்பியும் ஃபிராங்க் ஓல்ட்ஃபீல்டும் வகுத்தார்கள். அதைத்தான் கீழே செய்து பார்க்கப் போகிறோம்.

முதல் படி: இடமும் தண்டும்

வண்டல் அமைதியாக, தொடர்ச்சியாகப் படிந்த இடம் வேண்டும். பொதுவாக அது ஏரியின் ஆழமான, அடி தட்டையான நடுப்பகுதி. ஆறோ ஓடையோ வந்து சேரும் வாய், செங்குத்தான கரையின் அடிவாரம், நங்கூரம் போடும் இடம், தூர்வாரிய இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஏரி என்று நாம் சொல்லும் பாசன நீர்நிலைகள் பெரும்பாலும் இதற்குப் பொருந்துவதில்லை. கோடையில் வற்றி வெடிக்கும் சேற்றில் மேல்மண் வெடிப்புக்குள் விழுந்து கீழ் அடுக்கோடு கலக்கிறது. வண்டல் எடுத்து வயலுக்கு அடிக்கும் வழக்கமோ அடுக்கையே அகற்றிவிடுகிறது. நீர் வற்றாத மலை ஏரிகள் நல்ல தேர்வு. ஆயினும் அங்கும் தூர்வாரிய வரலாற்றை விசாரித்த பிறகே படகில் ஏற வேண்டும்.

மேல்வண்டலை எடுக்க, கிராவிட்டி கோரர் எனப்படும் எடைக்குழாய்க் கருவி போதும். தெளிந்த பிளாஸ்டிக் குழாய் தன் எடையாலேயே சேற்றில் இறங்கும். மேலே தூக்கும்போது மூடி விழுந்து, தண்டு எனப்படும் சேற்றுத் தூணைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக இறக்குவது அவசியம். வேகமாக இறக்கினால் குழாய்க்கு முன்னே தள்ளப்படும் நீர், கஞ்சி போன்ற மேல் சேற்றை ஊதித் தள்ளிவிடும். குழாயை மேலே கொண்டுவந்ததும் சேற்றுக்கு மேலுள்ள நீரைப் பாருங்கள். அது தெளிவாக இருந்து, சேற்றின் மேற்பரப்பு கலங்காமல் கிடைமட்டமாக இருந்தால் தண்டு நல்ல தண்டு. நீர் கலங்கலாக இருந்தால் தயங்காமல் கொட்டிவிட்டு வேறிடத்தில் மறுபடி எடுக்க வேண்டும், ஏனெனில் மிகை ஈயத்தில் பெரும்பங்கு அந்த மேல் சில சென்டிமீட்டரில்தான் இருக்கிறது.

தண்டைச் செங்குத்தாகவே கரைக்குக் கொண்டுவந்து, கீழிருந்து தள்ளி, மேலே அரை அல்லது ஒரு சென்டிமீட்டர் கனத்தில் துண்டுகளாக வெட்ட வேண்டும். குழாயின் உள்சுவரை உரசி வந்த ஓரச் சேறு மேலிருந்து கீழே இழுபட்டிருக்கும் என்பதால் கதிரியக்க அளவுக்கான பகுதியை நடுவிலிருந்து எடுப்பது நல்லது. ஆனால் அதற்கு முன் முழுத் துண்டின் ஈர எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு உறைநிலையில் உலர்த்தி, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, முழுத் துண்டின் உலர் எடையைக் கணக்கிடலாம்.

இந்த உலர் எடைதான் கணக்கின் அளவுகோல், சென்டிமீட்டர் அன்று. மேல் சேற்றில் பத்தில் ஒன்பது பங்கு நீர் இருக்கலாம். கீழே அழுந்திய சேற்றில் அது பாதியாக இருக்கலாம். இரண்டு இடத்திலும் ஒரு சென்டிமீட்டர் என்பது வெவ்வேறு அளவு மண். குழாயின் உள்விட்டம் 8 செ.மீ. என்றால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 50 சதுர செ.மீ.; ஒரு துண்டில் 15 கிராம் உலர்மண் இருந்தால் அது சதுர செ.மீ.க்கு 0.3 கிராம், அதாவது சதுர மீட்டருக்கு 3 கிலோ. ஒவ்வொரு துண்டுக்கும் இந்த எண்ணை எழுதி வைக்காமல் விட்டால், பின்னர் எந்த ஆய்வகமும் அதை மீட்டுத் தர முடியாது.

இரண்டாம் படி: அளவிடுதல்

இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. ஆல்ஃபா வழியில் ஈயம்-210ஐ நேரே அளப்பதில்லை. அதன் வழித்தோன்றலான பொலோனியம்-210ஐ அமிலத்தில் கரைத்து, வெள்ளித் தட்டில் படிய வைத்து எண்ணுகிறார்கள். எவ்வளவு பொலோனியம் வேலையின்போது தவறிப்போனது என்பதை அறிய, தெரிந்த அளவு பொலோனியம்-209ஐ முதலிலேயே சேர்த்துவிடுவார்கள். அரை கிராமுக்கும் குறைந்த மண்ணே போதும் என்பதும் நுண்மை அதிகம் என்பதும் இதன் பலம். ரேடியத்தை இது காட்டாது என்பது குறை. தண்டின் அடியில் மாறாமல் நிற்கும் மதிப்பையே பின்னணி என்று கொள்ள வேண்டியிருக்கும்.

காமா வழியில் உலர்ந்த மண்ணை டப்பாவில் அடைத்து, உயர்தூய்மை ஜெர்மேனியம் உணர்கருவிமீது வைத்து ஓரிரு நாள் எண்ண விடுகிறார்கள். ஈயம்-210 46.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் தெரியும். ரேடியத்தின் அளவை, அதன் குறுவாழ்வு வழித்தோன்றல்களான ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவை 295, 352, 609 ஆகிய ஆற்றல்களில் காட்டும். சீசியம்-137 அதே அளவீட்டிலேயே 662இல் வந்துவிடும். மொத்தமும் பின்னணியும் சரிபார்ப்பும் ஒரே டப்பாவில் கிடைப்பதால், போதிய மண் இருந்தால் புதியவர்களுக்கு நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன்.

இங்கே கவனம் தேவைப்படுபவை இரண்டு. ஒன்று, டப்பாவைக் காற்றுப் புகாமல் மூடிக் குறைந்தது மூன்று வாரம் வைத்த பிறகே எண்ண வேண்டும். ரேடான் வாயு கசிந்தால் அதன் வழித்தோன்றல்கள் குறைவாகத் தெரியும். ரேடியம் குறைவு என்று நாம் தவறாக எண்ணுவோம். பின்னணியைக் குறைவாகக் கழிப்போம். இதற்கு அறிகுறி உண்டு: தண்டின் அடிப்பகுதியில் மிகை ஈயம் பூச்சியத்தை நோக்கிப் போகாமல், ஒரே அளவில் நீண்ட வாலாகத் தொடரும். மற்றொன்று, 46.5 என்பது மிகக் குறைந்த ஆற்றல் என்பதால் அக்கதிர்களில் ஒரு பகுதியை மண்ணே விழுங்கிவிடுகிறது. அதுவும் கனிமம் மிகுந்த மண்ணில் கூடுதலாகவும் கரிமம் மிகுந்த மண்ணில் குறைவாகவும். மாதிரிக்கு மாதிரி இந்தத் திருத்தத்தைச் செய்தார்களா என்று ஆய்வகத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஒரு கணக்கைச் செய்து பார்ப்பது

கீழே உள்ளவை பயிற்சிக்காக நான் அமைத்த எண்கள். உண்மைத் தண்டில் முப்பது, நாற்பது துண்டுகள் இருக்கும். கையால் போட்டுப் பார்க்க வசதியாக அவற்றை ஐந்து பகுதிகளாகத் தொகுத்திருக்கிறேன். தண்டு எடுத்தது 2023இல் என்றும், ரேடியத்தின்படி பின்னணி எல்லாப் பகுதியிலும் கிலோவுக்கு 40 பெக்கரல் என்றும் வைத்துக்கொள்வோம்.

| பகுதி (மேலிருந்து) | உலர்மண், கிலோ/ச.மீ. | மொத்த ஈயம்-210, பெக்கரல்/கிலோ | மிகை ஈயம், பெக்கரல்/கிலோ | பகுதியின் மிகை இருப்பு, பெக்கரல்/ச.மீ. |
|---|---|---|---|---|
| 1 | 4 | 255 | 215 | 860 |
| 2 | 8 | 176 | 136 | 1088 |
| 3 | 6 | 168 | 128 | 768 |
| 4 | 8 | 84 | 44 | 352 |
| 5 | 10 | 52 | 12 | 120 |

கடைசி நிரல், மிகை ஈயத்தை உலர்மண்ணால் பெருக்கி வந்தது. அதைக் கூட்டினால் 3188. ஒரு சதுர மீட்டர் ஏரியடியில் இன்று இருக்கும் மிகை ஈயத்தின் மொத்த இருப்பு இது.

எளிய கணக்குமுறை, மண் படியும் வேகம் நூறாண்டும் மாறவில்லை என்று கருதுகிறது. அப்படியானால் மிகை ஈயத்தின் மடக்கை ஒரே நேர்கோட்டில் இறங்க வேண்டும். முதற்பகுதியின் நடுவையும் நான்காம் பகுதியின் நடுவையும் இணைத்துச் சரிவைக் கண்டால், ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.39 கிலோ மண் படிந்ததாக வரும். மூன்றாம் பகுதியின் அடிக்கு மேல் 18 கிலோ மண் இருக்கிறது. ஆகவே அதன் வயது 46 ஆண்டு, அதாவது 1977.

ஆனால் அட்டவணையை மறுபடி பாருங்கள். இரண்டாம் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் இடையே மிகை ஈயம் கிட்டத்தட்டக் குறையவே இல்லை: 136, 128. வேகம் மாறாமல் இருந்திருந்தால் இப்படி வராது. மண் அதிகமாக வந்த காலத்தில் அதே அளவு ஈயம் அதிக மண்ணில் பரவி நீர்த்துப்போகும் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். எனவே இந்தத் தண்டுக்கு, ஆப்பிள்பியும் ஓல்ட்ஃபீல்டும் வகுத்த சி.ஆர்.எஸ். முறை பொருத்தமானது. மண்ணின் வரத்து மாறலாம், ஈயத்தின் ஆண்டு வரத்து மட்டும் மாறவில்லை என்பது அதன் அடிப்படை. ஓர் ஆழத்துக்குக் கீழே எவ்வளவு மிகை இருப்பு மிச்சமிருக்கிறது என்பதை மொத்த இருப்போடு ஒப்பிட்டு வயது காண்கிறது:

```
t = (1/λ) × ln( A(0) / A(x) )
λ = 0.693 / 22.3 = 0.0311 /yr
```

இதில் A(0) மொத்த இருப்பு. A(x) அந்த ஆழத்துக்குக் கீழுள்ள இருப்பு. முதற்பகுதியின் அடிக்குக் கீழே மிச்சம் 2328. 3188ஐ அதனால் வகுத்து மடக்கை எடுத்து 0.0311ஆல் வகுத்தால் 10 ஆண்டு, அதாவது 2013. இரண்டாம் பகுதியின் அடிக்குக் கீழே 1240. வயது 30, ஆண்டு ஏறத்தாழ 1993. மூன்றாம் பகுதியின் அடிக்குக் கீழே 472. வயது 61, ஆண்டு 1962. நான்காம் பகுதியின் அடிக்குக் கீழே 120; வயது 105, ஆண்டு 1918.

இப்போது மண் வரத்தும் தானே வெளிப்படுகிறது. மூன்றாம் பகுதியில் 31 ஆண்டுகளில் 6 கிலோ, அதாவது ஆண்டுக்கு 0.19 கிலோ. இரண்டாம் பகுதியில் 20 ஆண்டுகளில் 8 கிலோ, அதாவது 0.39 கிலோ. 1990களின் தொடக்கத்தில் மண் வரத்து இருமடங்காகியிருக்கிறது. காடு அழிந்ததா, சாலை வெட்டினார்களா என்று தேட வேண்டிய காலத்தை இந்தக் கணக்கு காட்டிக் கொடுக்கிறது. நேர்கோட்டுக் கணக்கு அதை முழுவதுமாக மறைத்துவிட்டது.

நான்காம் படி: சீசியத்தைக் கேட்பது

ஒரே தண்டுக்கு ஒரு முறை 1977 என்றும் மற்றது 1962 என்றும் சொன்னால் எதை நம்புவது? இதற்கு ஈயத்துக்குள்ளிருந்து விடை வராது; வெளிச்சான்று வேண்டும். வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து வந்த சீசியம்-137 1950களின் தொடக்கத்தில் வண்டலில் தலைகாட்டி, 1963இல் உச்சம் தொட்டு, அந்த ஆண்டு கையெழுத்தான சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு விரைவாகக் குறைந்தது. நம் பயிற்சித் தண்டில் சீசியத்தின் உச்சம் மூன்றாம் பகுதியின் அடித் துண்டில் இருப்பதாகக் கொண்டால், சி.ஆர்.எஸ். சொன்ன 1962 சரி, 1977 தவறு.

ஐரோப்பிய ஏரிகளில் 1986 செர்னோபில் விபத்தின் உச்சமும் கிடைக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதை எதிர்பார்க்க வேண்டாம்; 1963 உச்சமே இங்கு மங்கலாகத்தான் இருக்கும், ஏனெனில் குண்டுச் சோதனைக் கழிவு வட அரைக்கோளத்தின் நடு அட்சங்களில் மிகுதியாகவும் நிலநடுக்கோட்டருகே குறைவாகவும் விழுந்தது. கரிமம் மிகுந்த, அமிலத்தன்மையுள்ள சேற்றில் சீசியம் மேலும் கீழும் நகரும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அதனால் சீசியத்தின் தொடக்கத்தைவிட உச்சத்தையே சான்றாகக் கொள்வது பாதுகாப்பு. காலோவே போன்ற ஏரிகளில் இதற்குத் துணையாக, அனல்மின் நிலையங்களிலிருந்து வந்த உருண்டையான கரித்துகள்களை எண்ணுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவை திடீரெனப் பெருகுவது நல்ல அடையாளம்.

ஆண்டுக்கு ஓர் அடுக்காக வண்டல் படியும் ஏரிகள் கிடைத்தால் சரிபார்ப்பு இன்னும் உறுதியாகும். ஆப்பிள்பி குழுவினர் 1979இல் பின்லாந்தின் அத்தகைய ஏரிகளில் அடுக்குகளை எண்ணி வந்த வயதையும் ஈயம்-210 தந்த வயதையும் ஒப்பிட்டுத்தான் சி.ஆர்.எஸ். முறைக்கு நம்பகத்தன்மையைத் தேடினார்கள்.

ஐந்தாம் படி: அடிப்பகுதியைச் சந்தேகிப்பது

சி.ஆர்.எஸ். கணக்கில் ஒவ்வோர் ஆழத்தின் வயதும் அதற்குக் கீழே இருப்பதைச் சார்ந்தது. ஆகவே அடியில் நேரும் சிறு பிழை மேலேறி வரும். நம் தண்டு குட்டையாகிப்போய் ஐந்தாம் பகுதி கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3068 ஆகும். முதற்பகுதியின் அடி 10 ஆண்டிலிருந்து அரை ஆண்டு அளவே அசையும். இரண்டாம் பகுதியின் அடி 30இலிருந்து 32 ஆகும். மூன்றாம் பகுதியின் அடியோ 61இலிருந்து 70 ஆகி, 1953 என்று காட்டும். நான்காம் பகுதிக்கு வயதே கணக்கிட முடியாது, ஏனெனில் அதற்குக் கீழே இருப்பு பூச்சியம். வெறும் 120 பெக்கரல், அதாவது மொத்தத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு கூட இல்லாத ஒன்று விடுபட்டதால் வந்த வினை இது. அடிப்பகுதி விடுபட்ட தண்டு எப்போதும் உண்மையைவிட அதிக வயதையே காட்டும். ஆழம் கூடக்கூட மிகைப்பும் கூடும். சீசியம் உச்சம் 1963க்குப் பதிலாக 1950களின் தொடக்கத்தில் விழுவதாகக் கணக்கு காட்டினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பின்னணியில் வரும் பிழையும் இப்படித்தான் வேலை செய்கிறது. 40க்குப் பதிலாக 43 பெக்கரலைக் கழித்துப் பாருங்கள். இரண்டாம் பகுதியின் அடி வயது ஓராண்டு அளவே மாறும். நான்காம் பகுதியின் அடியோ 105இலிருந்து 114க்குப் போகும். 1918 என்று எழுதியது 1909 ஆகிவிடும். காமா அளவீட்டில் மூன்று பெக்கரல் என்பது சாதாரணமான பிழைவரம்பு. எனவே ஐம்பது, அறுபது ஆண்டுவரை இரண்டு மூன்று ஆண்டுத் துல்லியத்தோடு பேசலாம். நூறாண்டை நெருங்கும்போது பத்து ஆண்டு முன்பின் என்றுதான் சொல்ல வேண்டும். நூற்றிருபதுக்கு அப்பால் ஈயத்தை மட்டும் நம்பி ஆண்டு எழுதக் கூடாது. காலோவே ஏரிகளின் அமிலமாதல் தொடங்கிய காலமே இந்த மங்கலான எல்லையில்தான் விழுகிறது. அங்கே "19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்" என்று சொல்வது தகும். ஒற்றை ஆண்டைச் சுட்டுவது தகாது.

இதற்கெல்லாம் தற்காப்பு, தண்டை நீளமாக எடுப்பதும், மிகை ஈயம் அளவீட்டுப் பிழைக்குள் மறையும் ஆழத்தையும் கடந்து இன்னும் சில துண்டுகளை அளப்பதுமே. செலவைக் குறைக்க விரும்பினால் நடுவில் ஒரு துண்டு விட்டு ஒரு துண்டாக அளக்கலாம். அடியில் குறைக்கக் கூடாது.

அணைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1934இல் முடிந்த மேட்டூர் அணை போன்ற நீர்த்தேக்கம் ஒன்றில், அணை கட்டுவதற்கு முந்தைய ஏரி வண்டல் என்பதே கிடையாது. அதற்குக் கீழே இருப்பது பழைய நிலமண். அதிலும் வானிலிருந்து விழுந்த ஈயம் தன் கணக்கில் இருக்கும். அங்கே மொத்த இருப்பை அப்படியே சூத்திரத்தில் போட்டால் விடை பொருளற்றது. நீர் நிரம்பிய ஆண்டையோ சீசியம் உச்சத்தையோ தெரிந்த புள்ளியாக வைத்து, அதற்கு மேற்பட்ட இருப்பை மட்டும் கொண்டு வரத்தைத் திருத்திக் கணக்கிட வேண்டும்.

மேல்பகுதி தட்டையாக இருந்தால்

சில தண்டுகளில் மேல் ஐந்தாறு சென்டிமீட்டரில் மிகை ஈயம் ஒரே அளவாக நிற்கும். இதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். புழுக்களும் அலைகளும் சேற்றைக் கலக்கியிருக்கலாம். அல்லது அண்மைக் காலத்தில் மண் வரத்து வேகமாகப் பெருகியிருக்கலாம். முதலாவது உண்மையானால் மேற்பகுதியின் தேதிகளுக்குப் பொருள் குறைவு. இரண்டாவது உண்மையானால் அது முக்கியமான கண்டுபிடிப்பு. பிரித்தறிய உதவுவது பெரிலியம்-7. அதன் அரை ஆயுட்காலம் 53 நாள்கள்தான் என்பதால், கடந்த சில மாதங்களில் வந்த மண்ணில் மட்டுமே அது தெரியும். அது பல சென்டிமீட்டர் ஆழம்வரை தெரிந்தால், ஓரிரு பருவத்தில் அவ்வளவு மண் வந்து குவிந்ததற்கு வேறு சான்று இல்லாதபோது, கலக்கல் என்று கொள்ளலாம். மேல் துண்டில் மட்டும் தெரிந்தால் ஆழமான கலக்கல் அண்மையில் நடக்கவில்லை. ஆனால் இதை அறிய, தண்டு எடுத்த சில வாரங்களுக்குள் மேல் துண்டுகளை அளந்துவிட வேண்டும். ஆறு மாதம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு அளந்தால் பெரிலியம் பத்தில் ஒரு பங்காகக் கூட இருக்காது.

இறுதிப் படி: முடிவை எழுதுவது

தேதிப் பட்டியலை மட்டும் வெளியிடுவது போதாது. தண்டு எடுத்த நாள், குழாயின் விட்டம், ஒவ்வொரு துண்டின் உலர் எடை, மொத்த ஈயம்-210, ரேடியம்-226, சீசியம்-137 ஆகியவை பிழைவரம்போடு, எந்தக் கணக்குமுறை, பின்னணியை எப்படித் தேர்ந்தெடுத்தது, மொத்த இருப்பு எவ்வளவு என்பவை எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்க வேண்டும். மொத்த இருப்பை 0.0311ஆல் பெருக்கினால் ஈயத்தின் ஆண்டு வரத்து கிடைக்கும். நம் பயிற்சித் தண்டுக்கு அது சதுர மீட்டருக்கு 99 பெக்கரல். அந்த வட்டாரத்தில் கலைக்கப்படாத மண்ணில் அளந்த வரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏரியில் இரண்டு மடங்கு இருந்தால், கரையோரச் சேறு நடுப்பள்ளத்துக்கு நகர்ந்து வந்திருக்கிறது என்று பொருள். அப்படி நகர்ந்து வருவது நூறாண்டும் ஒரே அளவில் நடந்ததா என்பதை அடுத்த தண்டை வேறொரு ஆழத்தில் எடுத்துத்தான் சோதிக்க முடியும். பாதிதான் இருந்தால், மேல் சேறு ஊதப்பட்டுப் போயிருக்கலாம் அல்லது வண்டல் இடையில் அரிக்கப்பட்டிருக்கலாம். அந்தத் தண்டிலிருந்து தேதி எழுதுவதை நிறுத்திவிட்டு, அதே இடத்தில் இன்னொரு தண்டு எடுக்கப் படகை மறுபடி ஏற்பாடு செய்ய வேண்டும்.